வாக்கியத்தின் கடைசியில் குரல் விழுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் தமிழ்ப்பள்ளி பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். ஆரம்பம் கணீரென்று இருக்கிறது, முடிவில் மூச்சு தீர்ந்து குரல் அடங்கிவிடுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? "பஸ் கட்டணம் இந்த வருடம் கூடாது" என்றால் அந்தக் "கூடாது"தான் கேட்பதில்லை. கூடுமா கூடாதா என்று என் அக்காவே திரும்பக் கேட்டார்.

இரண்டு வாரமாக, எழுதிய தாளில் மூச்சு எடுக்கும் இடங்களில் கோடு போட்டு, அங்கே நிறுத்தி, மூச்சை நிதானமாக இழுத்துவிட்டுத் தொடர்கிறேன். 100 சொற்களை 45 விநாடியில் ஓட்டியவன் இப்போது ஒரு நிமிடம் எடுக்கிறேன். பதிவில் முடிவும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் நேற்று பக்கத்து வீட்டார் நாலு பேர் முன்னால் பேசியதும் எல்லாக் கோட்டையும் தாண்டி ஓடிவிட்டேன். சத்தத்தைக் கூட்டினால் தொண்டை எரிகிறது. வயிற்றிலிருந்து மூச்சு வராமல் கழுத்தை இறுக்குகிறேன் போல.

ஆட்கள் முன்னாலும் அந்த நிறுத்தம் நிலைக்க வீட்டில் என்ன பயிற்சி செய்தீர்கள்? மைக் இல்லாத மண்டபத்தில், தொண்டை நோகாமல் கடைசி வரிசைக்கு எட்டுவது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.