வவுனியாவில் 180 என்றது கல், மாமா நம்பிவிட்டார்

நல்லூரான்
இது நடந்து நாலு வருசம், இன்னும் மாமா சொல்லிக்காட்டுவார். கொழும்பு பஸ்ஸில் போகிறேன், ஏ9 வீதியின் கிலோமீற்றர் கல்லில் எண் குறைந்துகொண்டே வருகிறது. வவுனியாவில் 180 சொச்சம். வெள்ளவத்தையில் காத்திருக்கும் மாமாவிடம் "இன்னும் 180 தான் மாமா" என்றேன். விடியப்புறம் ஒன்றரை மணித்தியாலம் ரோட்டில் நின்றார் மனுசன்.

பழைய ஓவசியர்
தம்பி, நீர் வாசித்தது கண்டிக்கு உள்ள தூரம். ஏ9 கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது, 321 கிலோமீற்றர். அந்த வீதிக்குப் பூச்சியம் கண்டியில்தான். கொழும்பு பஸ் வழியில் வேறு வீதிக்குத் திரும்பிவிடும், அங்கே கல்லின் எண்ணும் வேறு. வவுனியாவிலிருந்து கொழும்பு 250 அளவில் வரும், அந்த 70 தான் உம்முடைய மாமா நின்ற நேரம். கொழும்புத் தூரத்துக்குப் பூச்சியம் கோட்டையில் ஜனாதிபதி மாளிகையடி. நாங்கள் சின்னனில் இதையெல்லாம் கட்டைக் கணக்கில் சொல்லுவோம்.

வடமராட்சிப் பெடியன்
ஐயா, பூச்சியம் என்றால் நகர எல்லை தானே? எல்லைக்குள் போனால் கொழும்பு வந்தாச்சு. போனில் கோடு இழுத்துப் பார்த்தேன், யாழ்ப்பாணம் கொழும்பு 303 தான் வருகிறது. வான்காரன் 395க்குக் காசு கேட்டான், சண்டை பிடித்தேன்.

பழைய ஓவசியர்
எல்லை இல்லை, ஒரு புள்ளி. வெள்ளவத்தையில் இறங்கும் எங்கள் ஆக்கள் எல்லோரும் கொழும்பில்தான் இறங்குகிறார்கள், ஆனால் கோட்டைக்கு இன்னும் 7, 8 இருக்கும். உம்முடைய 303 காகம் பறக்கிற கணக்கு. வானுக்குச் செட்டை இல்லை, மீற்றரில் 395 ஓடித்தான் இருக்கும்.

பூநகரிப் பேத்தி
காகக் கணக்கை லேசாகச் சொல்லாதீங்கோ. அம்மம்மா வீடு பூநகரி. படகுப்பாதை ஓடாத காலத்தில் கேரதீவுக் கரையில் நின்றால் சங்குப்பிட்டி கண்ணுக்கு முன்னால், கூப்பிட்டால் கேட்கும்போல. ஆனால் போவதென்றால் ஆனையிறவு, பரந்தன் சுற்றி. ஒருநாள் அம்மா அந்தக் கரையில் இருந்து அழுதா, நான் மண்ணில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். 2011இல் பாலம் திறந்தபோது காகத்தின் தூரம் மாறவில்லை, எங்கள் தூரம் குறைந்தது. அம்மம்மா அப்போது இல்லை.

சாரதி அண்ணன்
எல்லோரும் கல்லை விடுங்கோ. வான் பிடிக்கிறதுக்கு முதல் எந்தப் பாதை, புத்தளமா தம்புள்ளையா, என்று கேளுங்கோ, தூரம் மாறும். புறப்படும்போதும் இறங்கும்போதும் மீற்றரைப் படம் எடுங்கோ. வான் வெறுமையாகத் திரும்பி வருகிற தூரமும் கூலியில் சேருமோ என்றும் முதலே பேசுங்கோ, சண்டை அதில்தான் வரும். டயரையும் பாருங்கோ.

நல்லூரான்
சரி அண்ணை, நான் பஸ்ஸில்தான் போனேன். யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் அந்த 321 எந்த இடத்தில் முடிகிறது? பஸ் நிலையத்தடியில் தேடினேன், கல்லைக் காணவில்லை.