புரொபேஷன் முடிகிறது, நிரந்தரம் இல்லை: இந்தக் கடிதம் சரியா?

கிண்டி_மேனேஜர்: எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு பையன். ஏப்ரல் 1 சேர்ந்தார், ஆறு மாத புரொபேஷன் செப்டம்பர் 30-ல் முடிகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் தப்பு வந்துகொண்டே இருக்கிறது, இரண்டு முறை உட்காரவைத்துப் பேசியாச்சு. கன்ஃபர்ம் செய்யப்போவதில்லை. நான் எழுதியது: "உங்கள் உழைப்பும் நல்ல குணமும் எங்களுக்குப் பிடிக்கும். நாம் ஒரு குடும்பம். இருந்தாலும் தற்போதைய தேவைகளைக் கருதி, உங்கள் பயணம் வேறு இடத்தில் தொடர்வதே நல்லது என நினைக்கிறோம்." மனம் நோகாமல் இருக்கிறதா?

பழைய_எச்ஆர்: நோகாது, ஏனென்றால் புரியவே புரியாது. இப்படி ஒரு கடிதத்தை நானே அனுப்பியிருக்கிறேன். வேறு கிளைக்கு மாற்றுகிறார்கள் என்று நினைத்து, அந்தப் பெண் திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் போய் எழுப்பினேன். வேலை இல்லை என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அடுத்து கடைசி நாள், பணம், சான்றிதழ், அவ்வளவுதான். அதையும் முதலில் நேரில் சொல்லிவிட்டு, பிறகு மெயில் அனுப்புங்கள்.

ரூல்ஸ்_ராமு: இவ்வளவு எதற்கு? புரொபேஷன்தானே. காரணமும் வேண்டாம், நோட்டீஸும் வேண்டாம். "உங்கள் சேவை தேவையில்லை", ஒரே வரி. காரணம் எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்கள்.

பழைய_எச்ஆர்: பாதி சரி. விசாரணை கமிட்டி எல்லாம் தேவையில்லைதான். ஆனால் நோட்டீஸ் எவ்வளவு என்று பணி நியமனக் கடிதத்திலேயே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் தர வேண்டும். ஏப்ரல் 1 சேர்ந்தவருக்கு செப்டம்பர் 30 அன்று ஆறு மாதம் நிறைந்துவிடுகிறதே! உங்கள் ஒரு வரிக் கடிதத்தில் காரணம் எங்கே இருக்கிறது?

காரணம் எழுதுவதில் வம்பு வருவது வார்த்தையால். "வேலை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை" என்பது சாதாரணமாகக் களங்கம் ஆகாது. 2001-ல் பவனேந்திர நாராயண் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அது அரசு நிறுவன வழக்குதான், ஆனாலும் எழுதுகிறவருக்கு நல்ல அளவுகோல். "நேர்மை இல்லை", "ஏமாற்றினார்" என்று விசாரிக்காமல் எழுதினால்தான் சிக்கல்.

ரூல்ஸ்_ராமு: சரி, அப்போ 26-ம் தேதியே அனுப்பிவிட்டால் ஆறு மாதம் ஆகாதே?

திருச்சி_பொண்ணு: நாலு நாளில் ஒரு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை 5.50-க்கு மெயில் வந்தது. பாதி படிக்கும்போதே லாகின் போய்விட்டது. காரணம் இல்லை. ஒரு வருஷம் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் "ஏன் விட்டீர்கள்" என்று கேட்டார்கள், எனக்கே தெரியாது. ஒரே ஒரு உண்மையான காரணம் போதும். மூன்று பாரா பாராட்டு வேண்டாம், பாராட்டினால் ஏன் அனுப்புகிறீர்கள் என்றுதான் தோன்றும்.

அண்ணாநகர்_அண்ணாச்சி: புரொபேஷனை மூன்று மாதம் நீட்டலாமே? என் மருமகனுக்கு நீட்டினார்கள், இப்போது அவன்தான் டீம் லீட்.

பழைய_எச்ஆர்: அண்ணாச்சி, அவர் முடிவெடுத்துவிட்டார், கேட்பது கடிதம். மனசில் 'இல்லை' என்று வைத்துக்கொண்டு நீட்டுவது அந்தப் பையன் வேறு வேலை தேடுவதைத்தான் தள்ளிப்போடும். ராமு, 26-ம் தேதி யோசனை நியமனக் கடித நோட்டீஸைக் கொடுத்துவிட்டால் செல்லக்கூடியதுதான். நான் செய்யமாட்டேன். என் வடிவம்:

"வணக்கம். காலையில் பேசியபடி, புரொபேஷனுக்குப் பிறகு உங்களை நிரந்தரம் செய்யவில்லை. இந்த முடிவு மாறாது. கடைசி வேலை நாள் செப்டம்பர் 30. ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாம் பேசிய ஜிஎஸ்டி ரிட்டர்ன் தவறுகள் குறையவில்லை என்பதே காரணம். செப்டம்பர் சம்பளம், ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், மீதி விடுப்புப் பணம் எல்லாம் இரண்டு வேலை நாளில் வரும். பணிச் சான்றிதழ் அன்றே கையில் தருகிறோம். 30 வரை உங்கள் மெயில் வேலை செய்யும். கேள்வி இருந்தால் நேரடியாக என்னை அழையுங்கள்."

கிண்டி_மேனேஜர்: ஜூலையில் பேசியதற்கு மெயில் இருக்கிறது, ஆகஸ்டில் வாய்ப்பேச்சுதான். ஜூலையை மட்டும் எழுதட்டுமா? அப்புறம், ராஜினாமா கொடுக்கச் சொன்னால் அவருக்கு நல்லதில்லையா?

பழைய_எச்ஆர்: பேசியது உண்மை என்றால் இரண்டையும் எழுதலாம். ஆனால் அவர் மறுத்தால் காட்ட உங்களிடம் ஜூலைதான் இருக்கும். ராஜினாமாவை அவராகக் கேட்டால் கொடுங்கள். நீங்கள் கேட்டு வாங்கினால் அது வற்புறுத்தல்.

திருச்சி_பொண்ணு: இதில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். "விருப்பம் இருந்தால் ராஜினாமாவாகவும் எடுத்துக்கொள்கிறோம்" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே எழுதிக் கொடுத்திருப்பேன்.

ரூல்ஸ்_ராமு: அதே வார்த்தையை லேபர் ஆபீஸில் மிரட்டல் என்பார்கள்.