வெள்ளணு 54,000, பான்ட் 20: சிலைட்டைப் பாத்து என்னெண்டு எழுதிறது?

நல்லூர் லாப்
யாழ்ப்பாணத்தில தனியார் லாப் ஒண்டில வேலை செய்யிறன். 61 வயது அம்மா, நீரிழிவு இருக்கு, கால் புண் பழுத்துக் கடும் காய்ச்சல். வெள்ளணு 54,000. கையால 100 எண்ணினன்: முத்தின செக்மென்ட் 62, முத்தாத பான்ட் 20, மெற்றாமைலோசைற் 7, மைலோசைற் 3, லிம்ஃபோசைற் 5, மொனோசைற் 3. இது ரத்தப் புற்றுநோயான லூக்கீமியாவோ, கிருமி மாதிரிக் காரணத்தால வெள்ளணு இப்பிடி ஏறிற லூக்கீமொயிட் றியாக்சனோ?

மயூரன்
வெள்ளணுவில அல்கலைன் பொஸ்பற்றேஸ் நொதி எவ்வளவு எண்டு பாக்கிற எல்ஏபி ஸ்கோரை உடன செய்யுங்கோ. கூடினா லூக்கீமொயிட், குறைஞ்சா சிஎம்எல் எண்ட நாட்பட்ட லூக்கீமியா. அவ்வளவுதான்.

சாந்தி அக்கா
மயூரன், அது பாதிதான் சரி. சிஎம்எல் இருக்கிற ஆளுக்குக் கிருமி பிடிச்சாலும் ஸ்கோர் ஏறும். சிஎம்எல்லின்ர மரபணு மாற்றத்தைத் தேடுற பிசிஆர்-ஏபிஎல் சோதனைதான் முடிவு சொல்லும்.

தம்பி, முதல்ல சிலைட்டைத் திருப்பிப் பாருங்கோ. சைற்றோபிளாசத்தில கரு ஊதா நிறத்தில தடிச்ச துகள்கள் நிறைஞ்சிருக்கோ? ஓரத்தில மங்கின நீலத் திட்டு, அதுதான் டோலே பொடி, தெரியுதோ? கிருமியாலதான் ஏறினதெண்டா அநேகமா இரண்டும் இருக்கும். வெறும் ஓட்டைகளை நம்பாதேங்கோ, ஈடிரிஏ குழாயில ரத்தம் கனநேரம் கிடந்தாலும் அது வரும்.

பிறகு பேசோஃபில். சிஎம்எல்லில அது கிட்டத்தட்ட எப்பவும் கூடியிருக்கும், மெற்றாமைலோசைற்றை விட மைலோசைற்றும் கூடி நிக்கும். உங்கட எண்ணிக்கை மறுவளமா, 7-க்கு 3 எண்டு ஒழுங்காக் குறையுது. 100 காணாது, 200 எண்ணுங்கோ.

கோண்டாவில் அம்மா
என்ர மகளுக்குக் காய்ச்சல். பான்ட் 8, வெள்ளணு 13,000 எண்டு றிப்போட். புற்றுநோயோ அக்கா? ராத்திரி முழுக்க நித்திரை இல்லை.

சாந்தி அக்கா
பயப்பிடாதேங்கோ அம்மா. காய்ச்சல் நேரம் எலும்பு மச்சை முத்தாத செல்லையும் வெளிய விடும், இடப்பக்க நகர்வு எண்டிறது அதைத்தான். அதோட, ஒரே சிலைட்டில நான் 8 எண்ணினா மற்றவர் 4 எண்ணுவார். கரு மடல்களுக்கு நடுவில நூல் மாதிரி மெல்லிசா இருந்தாத்தான் செக்மென்ட் எண்டுவம், அந்த இடத்தில ஆள் ஆளுக்கு மாறும். காய்ச்சலுக்குக் காரணம் என்னெண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ.

நல்லூர் லாப்
200 எண்ணீட்டன் அக்கா. பேசோஃபில் ஒண்டும் இல்லை. தடிச்ச துகள் நிறைய, டோலே பொடியும் இருக்கு. ஆனா ஒரு செல் குழப்புது: கரு பெரிசு, நியூக்கிளியோலஸ் தெரியுது. பிளாஸ்ற் எண்டு எழுதட்டோ?

சாந்தி அக்கா
லூக்கீமொயிட்டிலயும் அருமையா ஒண்டிரண்டு வரும். புரோமைலோசைற்றாவும் இருக்கலாம், நேர பாக்காமல் நான் சொல்லேலாது. ஹீமற்றோலஜி டொக்டருக்கு சிலைட்டை அனுப்புங்கோ. நோயின்ர பேரை நீங்கள் எழுத வேண்டாம், கண்டதை மட்டும் எழுதுங்கோ.

மயூரன்
மண்ணீரல் வீக்கம் இருக்கோ எண்டும் வாட்டில கேளுங்கோ.

நல்லூர் லாப்
கேட்டனான், இன்னும் பதில் வரேல்லை. புண்ணுக்கு மருந்து தொடங்கீட்டினமாம், நாளன்டைக்குத் திரும்ப ரத்தம் எடுப்பினம்.

சாந்தி அக்கா
எண்ணிக்கை இறங்குதோ எண்டு பாருங்கோ. கிருமி அடங்கியும் இறங்காமல் நிண்டா பிசிஆர்-ஏபிஎல்லுக்கு அனுப்பச் சொல்லுங்கோ.