மணலி 6.6 கேவி போர்டு: எர்த் ஃபால்ட் அலாரம் ரீசெட் ஆகவில்லை, ஓப்பன் டெல்டாவில் 74 வோல்ட்

மணலி ஷிஃப்ட்
வணக்கம். மணலியில் ஒரு பிளான்ட்டில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். எங்கள் 6.6 கேவி பஸ் நியூட்ரல் எர்த் பண்ணாத சிஸ்டம். எர்த் ஃபால்ட் வந்தால் டிரிப் கிடையாது, அலாரம் மட்டும். ஆர், ஒய், பி மூன்றுக்கும் தனித்தனி சிங்கிள் ஃபேஸ் பி.டி. பிரைமரி ஸ்டார், ஸ்டார் பாயின்ட் எர்த். செகண்டரியில் ஒரு ஸ்டார் வைண்டிங் மீட்டருக்கு. இன்னொன்று, 110/3 வோல்ட், மூன்றையும் சீரிஸில் கோர்த்து ஒரு முனை திறந்தபடி 59என் ரிலேவுக்குப் போகிறது. செட்டிங் 20 வோல்ட், 5 செகண்ட்.

ஆர் ஃபேஸ் பி.டி. பழுதாகி வேறு கம்பெனி பி.டி. மாட்டினோம். பஸ்ஸை சார்ஜ் பண்ணியதிலிருந்து அலாரம் போகவே இல்லை. ரிலே முனையில் மீட்டர் வைத்தால் 74 வோல்ட். ஆனால் மீட்டரில் மூன்று ஃபேஸும் எர்த்துக்கு 64, 64, 64 என்று ஒழுங்காக இருக்கிறது. இது ஃபால்ட்டா, வயரிங்கா? ஃபீடர் ஃபீடராக ஆஃப் பண்ணித் தேடச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்றுதான்.

எண்ணூர்க்காரன்
கடல் காத்துதான் நண்பா. எண்ணூர் பக்கம் எங்களுக்கு மார்கழிப் பனியில் இதே தொல்லை. இன்சுலேட்டரில் உப்புப் படிந்து, ஈரம் பட்டதும் லீக் ஆகும். துடைத்தால் சரியாகிவிடும்.

தண்டையார்பேட்டை செல்வி
ஓப்பன் டெல்டா என்றால் இரண்டு பி.டி. தானே? எங்கள் பேனலில் ஆர்-ஒய், ஒய்-பி நடுவே இரண்டே பி.டி. வைத்து மூன்று லைன் வோல்டேஜும் சரியாகக் காட்டுகிறது. அதிலிருந்தே எர்த் ஃபால்ட் ரிலேவுக்கும் எடுக்கலாமா? இதையும் சேர்த்துச் சொல்லுங்களேன், எங்கள் போர்டுக்கும் அலாரம் கேட்கிறார்கள்.

பழைய டெஸ்டிங் ஆள்
மணலி தம்பி, ஃபீடரைத் தொடாதீங்க. உங்க ரீடிங்கிலேயே பதில் இருக்கு.

நிஜமாகவே ஒரு ஃபேஸ் எர்த் ஆகியிருந்தால் அந்த ஃபேஸ் பூஜ்யத்துக்குப் போயிருக்கும், மற்ற இரண்டும் 110 வரை ஏறியிருக்கும். ரிலே முனையிலும் 110 பக்கம் வந்திருக்கும். உங்களுக்கு மூன்றும் 64. அப்போ சிஸ்டம் நல்லா இருக்கு. நல்ல சிஸ்டத்தில் மூன்று வைண்டிங்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ரிலேவுக்கு ஒன்றிரண்டு வோல்ட்தான் மிஞ்சணும். ஒரு வைண்டிங் மட்டும் தலைகீழாக இருந்தால், மற்ற இரண்டும் சேர்ந்து கொடுக்கிற 37-ம் இதோட 37-ம் ஒரே பக்கமாகக் கூடி 74 ஆகும். உங்க நம்பர் அதேதான்.

37 மட்டும் வந்திருந்தால் ஒரு பி.டி.யோட ஃபியூஸ் போயிருக்குன்னு சொல்லியிருப்பேன். அப்போ மீட்டரிலும் ஒரு ஃபேஸ் படுத்திருக்கும், ஆனா மற்ற இரண்டும் 64-லேயே நிற்கும், ஏறாது. ஃபியூஸையும் ஃபால்ட்டையும் பிரிக்கிறது அந்த ஒரு வித்தியாசம்தான்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்க: மீட்டர் பக்கம் லைனுக்கு லைன் எவ்வளவு?

எண்ணூர்க்காரரே, உப்பு சமாச்சாரம் உண்மைதான், ஆனா அப்படி லீக் ஆனால் மூன்று ஃபேஸும் சமமா நிற்காது.

மணலி ஷிஃப்ட்
லைனுக்கு லைன் மூன்றும் 111 அண்ணா.

பழைய டெஸ்டிங் ஆள்
அப்போ பிரைமரியும் ஸ்டார் வைண்டிங்கும் சரி. அதில் தலைகீழ் இருந்தால் ஆர்-ஒய், பி-ஆர் இரண்டும் 64-க்கு இறங்கியிருக்கும். புது பி.டி.யில் டிஏ, டிஎன் முனைகள்தான் மாறியிருக்கு.

செல்வி அம்மா, உங்க இரண்டு பி.டி.யும் லைனுக்கும் லைனுக்கும் நடுவே இருக்கு, எர்த்தைத் தொடவே இல்லை. ஒரு ஃபேஸ் எர்த் ஆனாலும் லைன் வோல்டேஜ் மாறாது, அதனால உங்க பி.டி.க்கு ஒன்றுமே தெரியாது. மணலி தம்பிகிட்ட இருக்கிற மாதிரி எர்த்துக்கு இழுத்த மூன்று பி.டி. வேணும், இல்லைன்னா ஐந்து லிம்ப் கோர் உள்ள ஒரே யூனிட். மூன்று லிம்ப் வேண்டாம், எர்த் ஃபால்ட் ஃப்ளக்ஸ் திரும்பி வர அதில் கோரில் வழி கிடையாது.

பேனல் பாய்
ஷட்டவுன் கிடைக்கிற வரைக்கும் ரிலே செட்டிங்கை 80 ஆக்கி விடுங்க பாஸ். 74-ல் அலாரம் வராது, நிஜ ஃபால்ட் 110-ல் வரும். நாங்க ஒரு சைட்டில் அப்படித்தான் ஓட்டினோம்.

பழைய டெஸ்டிங் ஆள்
ஓட்டினீங்க, அந்த நாளில் ஃபால்ட் வரல, அவ்வளவுதான். ஆர் வைண்டிங் தலைகீழா இருக்கும்போது ஆர் ஃபேஸிலேயே ஃபால்ட் வந்தால் சரி, அந்த வைண்டிங் பூஜ்யம், மற்ற இரண்டும் சேர்ந்து 110 வரும். ஒய்யிலோ பி-யிலோ வந்தால்? மிச்சம் இருக்கிற இரண்டு வைண்டிங்கும் 64, 64 ஆக ஏறும். ஒழுங்கான வயரிங்கில் அவை கூடி 110 கொடுக்கும். இங்கே ஒன்று திரும்பியிருப்பதால் கழிந்து வெறும் 64-தான் கிடைக்கும். ஃபால்ட் வந்ததும் 74 என்பது 64-ஆகக் குறையும், உங்க 80 வோல்ட் ரிலே தூங்கும். மூன்றில் இரண்டு ஃபேஸுக்குப் பாதுகாப்பே இல்லை.

ஷட்டவுன் கிடைத்ததும் முனையை மாற்றிவிட்டு உடனே சார்ஜ் பண்ணிடாதீங்க. பி.டி. டிராலியை வெளியே எடுத்து, டிஸ்சார்ஜ் பண்ணி, செகண்டரி எம்.சி.பி. எல்லாம் ஆஃப் பண்ணி, மூன்று பிரைமரியையும் பேரலலாகக் கட்டி 230 வோல்ட் கொடுங்க. ஒவ்வொரு வைண்டிங்கிலும் 2.2 வரும். திறந்த முனையில் 6.6 வந்தால் மூன்றும் ஒரே திசை. 2.2 வந்தால் ஒன்று இன்னும் திரும்பியிருக்கு. தப்பித்தவறிக்கூட செகண்டரியில் 230 கொடுக்காதீங்க, பிரைமரியில் 24 கேவி எழும்பும்.

மணலி ஷிஃப்ட்
பார்த்தாயிற்று அண்ணா. புது பி.டி.யில் டெர்மினல் வரிசையே பழையதற்கு எதிர்ப்பக்கம். பையன் முனைப் பெயரைப் பார்க்காமல் பழைய ஒயர் வந்த வாக்கிலேயே மாட்டியிருக்கிறான். டெஸ்டில் முதலில் 2.2, மாற்றியதும் 6.6. சார்ஜ் பண்ணியபின் ரிலே முனையில் 3 வோல்ட். அலாரம் போய்விட்டது.

ஆனால் இன்னொன்று. ஃபீடர் எதுவும் போடாமல் வெறும் பஸ்ஸை இன்கமரில் சார்ஜ் பண்ணும்போது சில தடவை பி.டி. உறுமுகிறது, மூன்று ஃபேஸ் வோல்டேஜும் ஆடுகிறது. ஒரு ஃபீடரைப் போட்டதும் அடங்கிவிடுகிறது.

எண்ணூர்க்காரன்
எங்களுக்கும் அப்படி இருந்தது. திறந்த டெல்டாவில் ஒரு 50 ஓம் ரெசிஸ்டர் போட்டோம், நின்றுவிட்டது. அதுவும் போடுங்க.

பழைய டெஸ்டிங் ஆள்
ஃபெரோரெசனன்ஸ் மாதிரி தெரியுது. வெறும் பஸ்ஸோட சின்ன கெபாசிட்டன்ஸும் பி.டி. கோரும் சேர்ந்து ஆடும். ஃபீடர் கேபிள் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். ரெசிஸ்டர் சரியான மருந்துதான். ஆனா 50 ஓம் எல்லாருக்கும் பொருந்தாது. எர்த் ஃபால்ட் நிற்கிற நேரமெல்லாம் அதில் 110 வோல்ட், 2.2 ஆம்பியர், 240 வாட் சூடு. உங்க வைண்டிங் அதைத் தாங்கணும். நேம்பிளேட் போட்டோ போடுங்க, தெர்மல் வி.ஏ.வும் வோல்டேஜ் ஃபேக்டரும் பார்க்கணும்.

மணலி ஷிஃப்ட்
தெர்மல் வி.ஏ. எதிலும் இல்லை அண்ணா. வோல்டேஜ் ஃபேக்டர் பழைய இரண்டிலும் 1.9, 8 மணி நேரம். புதிதில் 1.9, 30 செகண்ட்.

பழைய டெஸ்டிங் ஆள்
இது அந்த முனை மாறினதைவிடப் பெரிய விஷயம் தம்பி. 30 செகண்ட் பி.டி. ஃபால்ட் வந்ததும் தானாக டிரிப் ஆகிற இடத்துக்கு. நீங்க அலாரத்தோடவே ஓட்டுறீங்க. ஒய்யில் ஃபால்ட் நின்றால் ஆர் பி.டி. மேல் அவ்வளவு நேரமும் முழு லைன் வோல்டேஜ். 8 மணி நேர பி.டி. வாங்குங்க. அது வரும் வரைக்கும் அலாரம் வந்தால் உடனே ஃபீடரைப் பிரிக்கிறதுன்னு ஷிஃப்ட் புக்கில் எழுதி வையுங்க. ரெசிஸ்டர் அளவை பி.டி. தயாரித்தவர்கிட்ட கேட்காமல் நான் சொல்ல மாட்டேன்.

மணலி ஷிஃப்ட்
இன்டென்ட் போடுகிறேன் அண்ணா. பர்சேஸில் "இப்பதானே புதுசு வாங்கினீங்க" என்று கேட்பார்கள், நேம்பிளேட் போட்டோவையே இணைத்து அனுப்புகிறேன்.

தண்டையார்பேட்டை செல்வி
எங்கள் போர்டில் மூன்றாவது பி.டி.க்கு இடமே இல்லை. கேபிளில் சி.பி.சி.டி. மாட்டி அலாரம் எடுத்தால் நியூட்ரல் இல்லாத சிஸ்டத்தில் வேலை செய்யுமா?