லேபர் பில் போட்டவர் தொழிலாளி இல்லையா? விபத்துக்குப் பின் இ.எஸ்.ஐ. கிடைத்த அனுபவம்

பீளமேட்டான்:

என் தம்பி கோவையில் மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கும் ஓர் ஆலையில் பவர் பிரஸ் ஓட்டிவந்தான். மாதம் 18,000 ரூபாய். ஆனால் அது சம்பளம் அல்ல, ‘லேபர் பில்’. ஆண்டுக்கு ஒரு முறை முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, அவனே ஒப்பந்தக்காரர் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் அவன் பெயரில் அலுவலகமே பில் அடித்து, ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடித்து, மீதியை வங்கியில் போடும். பிரஸ்ஸும் டையும் ஆலையுடையவை, ஷிப்டைச் சூப்பர்வைசர் முடிவு செய்வார், விடுப்புக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். தம்பி முதலீடாகக் கொண்டுபோனது சாப்பாட்டுத் தூக்கு ஒன்றுதான்.

2021-இல் பிரஸ்ஸில் சிக்கி வலது ஆள்காட்டி விரல் முழுவதுமாகப் போனது. தனியார் மருத்துவமனையின் முதல் பில்லைக் கட்டிய நிர்வாகம், அதற்குப் பிறகு “அவர் எங்கள் ஆளே இல்லை, தனி ஒப்பந்தக்காரர்” என்று சொல்லிவிட்டது. இ.எஸ்.ஐ. எண் இல்லை என்பதால் சிங்காநல்லூர் மருத்துவமனையிலும் திகைத்து நின்றோம். அதே ஆலையில் பேரேட்டில் இருந்த மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருந்தது என்பதுதான் எங்களுக்குப் பிடி கொடுத்தது.

இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். உடன் வைத்தவை: கைரேகை வருகைப் பதிவின் படங்கள், ஷிப்டு மாற்றம் பற்றிச் சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸப் செய்திகள், எல்லா மாதமும் ஒரே தொகை வரவாகியிருந்த வங்கிக் கணக்குப் பக்கங்கள். சமூகப் பாதுகாப்பு அலுவலர் ஆலைக்கே சென்று பதிவேடுகளைப் பார்த்தார். வேலைக் காயம் என்று ஏற்றுக்கொள்ளும் வரை இழுபறிதான். இதே நிலையில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஈரோட்டுக் கணக்கர்:

வருத்தமான செய்தி. ஆனால் சட்டப்படி ஆலையின் பக்கம் கொஞ்சம் வலுவாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒப்பந்தக்காரருக்கான 194சி பிரிவில் வரி பிடிக்கப்பட்டிருக்கிறது, அது வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையிலும் வரும். உங்கள் தம்பி தொழில் வருமானம் என்று கணக்குத் தாக்கல் செய்திருந்தால், பிறகு ‘நான் ஊழியர்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? அது போக, விபத்துக்கு முன் சந்தா ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லையே. கட்டாத காப்பீட்டில் பணம் கேட்பது எங்கும் நடக்காது.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:

கணக்கர் ஐயா சொன்ன முதல் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது: வரிக் கணக்கு ஆலைக்கு ஒரு சான்று, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். ஆனால் வரி பிடித்த பிரிவு எதுவோ அதன்படிதான் உறவு என்று எந்த நீதிமன்றமும் நின்றுவிடாது. 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கைப் பாருங்கள். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்கள்; சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள். தையல் சரியில்லை என்று திருப்பித் தந்து மறுபடி தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரருக்கு இருந்தது, இயந்திரங்களும் கடையுடையவை என்பதையெல்லாம் வைத்து அவர்கள் ஊழியர்களே என்று தீர்ந்தது. மாதத் தொகையும் ஷிப்டும் உள்ள பிரஸ் ஓட்டுநரின் நிலை அதைவிடத் தெளிவானது.

இரண்டாவது விஷயத்தில் அவர் சொன்னது சரியல்ல. நோய்ச் சலுகைக்குத்தான் ஆறு மாதச் சந்தாக் காலம் ஒன்றில் 78 நாள் சந்தா வேண்டும். வேலைக் காயத்துக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை; சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. முதலாளி பதிவு செய்யாதது முதலாளியின் குற்றம், அதற்காகத் தொழிலாளியின் உரிமை போகாது.

தம்பிக்குக் கிடைக்க வேண்டியதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18,000 என்றால் நாளுக்கு 600. அதில் 90 சதவீதம் 540 ரூபாய், வேலைக்குத் திரும்ப முடியாத நாட்கள் முழுவதற்கும். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சட்ட அட்டவணையில் 14 சதவீத இழப்பு. ஆகவே அதன் பிறகு நாளுக்கு 75 ரூபாய் 60 காசு, மாதம் சுமார் 2,270 ரூபாய், வாழ்நாள் முழுவதும். இதைத் தவிர்க்க ஆலை மிச்சம் பிடித்தது மாதம் 585 ரூபாய், அதாவது 3.25 சதவீதம். தொழிலாளி பங்கு 135.

பீளமேட்டான்:

ஐயா, நீங்கள் சொன்ன 540-உம் மருத்துவ வாரியம் சொன்ன 14 சதவீதமும் அப்படியே வந்தன. ஒன்று மட்டும் கேட்கிறேன். பழைய ஆண்டுகளுக்குச் சந்தா கட்டச் சொல்லி ஆலைக்கு 45ஏ உத்தரவு போன பிறகு, “உன் பங்கையும் நீதான் தர வேண்டும்” என்று தம்பியை அழைத்து மிரட்டினார்கள். அது சரியா?

ஓய்வுபெற்ற குமாஸ்தா:

ஒரு காசும் தர வேண்டியதில்லை. தொழிலாளி பங்கை அந்தந்தக் காலத்துச் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கலாம். பிடிக்காமல் விட்டால் பிறகு வசூலிக்க, உங்கள் வழக்குக்குரிய பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

லேப் டெக்னீஷியன்:

எனக்கும் இதே கதைதான், ஆனால் விபத்து இல்லை, பிரசவம். ஆய்வகத்தில் 14,500 ரூபாய், ‘புரொபஷனல் ஃபீஸ்’ என்ற பெயரில். மாதம் 1,450 பிடிப்பதைப் பார்த்து அது பி.எஃப். என்றே இருந்துவிட்டேன், வருமான வரி என்பது ஏழாம் மாதத்தில் விடுப்பு கேட்டபோதுதான் தெரிந்தது. 26 வாரத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 88,000 ரூபாய். காயத்துக்கு நிபந்தனை இல்லை என்கிறீர்கள், மகப்பேற்றுக்கு?

ஓய்வுபெற்ற குமாஸ்தா:

மகப்பேற்றுக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் வேண்டும், சகோதரி. சந்தா இல்லாததால் சலுகை தவறியவருக்கு இ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கப் பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதில் ‘கொடுக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. கேட்டால்தான் அசைவார்கள், கேட்டும் அசையாத அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் பேரேட்டில் உள்ளவர்களையும் ‘ஃபீஸ்’ வாங்குகிறவர்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர், பி.எஃப்.க்கு இருபது பேர் என்ற வரம்பைத் தாண்டாமல் இருக்கத்தான் பலரை இப்படிப் பிரித்து வைக்கிறார்கள்.

இரவு டெலிவரி:

அப்படியானால் உணவு கொண்டுபோகும் எங்களுக்கும் இ.எஸ்.ஐ. உண்டுதானே? செயலி சொன்ன இடத்துக்குத்தான் போகிறோம், சட்டையும் அவர்களுடையது.

ஈரோட்டுக் கணக்கர்:

அது வேறு, தம்பி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு உங்களைக் ‘கிக்’ தொழிலாளர் என்று தனியாக வைத்து, நிறுவனம் விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் ஒரு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. இ.எஸ்.ஐ. தானாக வந்துவிடாது. காயத்தைப் பற்றி மேலே நான் எழுதியதைக் குமாஸ்தா ஐயா திருத்தியது சரி. ஆனால் சொந்தக் கருவியோடு இரண்டு மூன்று பட்டறைகளுக்கு மாறி மாறிப் போகும் வெல்டர் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பீளமேட்டான்:

எங்கள் ஆலை 45ஏ உத்தரவை எதிர்த்து இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, பழைய சந்தா இன்னும் வரவில்லை. தம்பிக்கு ஓய்வூதியம் வருகிறது. ஆனால் விபத்துக்கு முன்பே அப்பாவுக்கு இதய அறுவை நடந்தது. கடன் வாங்கிக் கட்டினோம். தம்பிக்கு அப்போது இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் அவனைச் சார்ந்திருந்த அப்பாவுக்கும் மருத்துவம் கிடைத்திருக்கும் அல்லவா? அந்தச் செலவை 68-இல் கேட்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். ‘ரொக்கச் சலுகைக்கு மட்டும்தான்’ என்றார் ஒருவர். ‘மனு போடுங்கள், பார்க்கலாம்’ என்றார் இன்னொருவர். மனு போட்டிருக்கிறேன்.