முகாமில் வரவு, வழங்கல், மீதி: கஜா புயல் நாட்களில் கணக்கேடு எழுதியவர்களின் அனுபவப் பகிர்வு

வேதாரண்யம் தன்னார்வலர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் இயங்கிய முகாமில் நிவாரணத் தொகுப்புகளுக்கான கணக்கேட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் வேலை செய்யவில்லை. ஆகவே நீளமான கோடு போட்ட நோட்டும் பேனாவும்தான் கருவி. முன்னிருப்பு, வரவு, வழங்கியது, பயன்பெற்ற குடும்பங்கள், மீதி என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதி, மாலையில் கிராம நிர்வாக அலுவலரிடம் கையொப்பம் பெற்றுத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரி எவ்வாறு நேராகாமல் போகும் என்பதற்கு, என் ஏட்டில் இன்னும் அப்படியே இருக்கும் ஒரு நாளின் கணக்கைத் தருகிறேன்.

காலை முன்னிருப்பு 46. தாலுகாக் கிடங்கிலிருந்து வந்தது 200. இரவு பக்கத்து முகாமிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டது, சீட்டின்படி 30. ஆக மொத்தம் 276. கையொப்பமோ கைநாட்டோ வைத்துப் பெற்ற குடும்பங்கள் 214. கழித்தால் 62 இருக்க வேண்டும். வகுப்பறைக்குள் அடுக்கியிருந்ததைப் பத்துப் பத்தாகப் பிரித்து இரண்டு பேர் தனித்தனியே எண்ணியபோது, இருவருக்கும் 51தான் வந்தது. பதினொன்று குறைவு.

அந்தப் பதினொன்றும் மூன்று வழிகளில் போயிருந்தன. திருமணமான மகன்கள் தனி அடுப்பு வைத்திருந்தும் குடும்ப அட்டை ஒன்றாகவே இருந்த நான்கு வீடுகளுக்கு இரண்டிரண்டு தொகுப்புகள் கொடுக்கப்பட்டிருந்தன. கையொப்பம் ஒன்று, தொகுப்பு இரண்டு. அதில் நான்கு. மழையில் நனைந்து பை கிழிந்த மூன்றைப் பிரித்து, அரிசியும் பருப்பும் பொதுச் சமையலுக்கு எடுத்திருந்தார்கள். மீதமுள்ள நான்கும் பக்கத்து முகாமிலிருந்து வந்து சேரவே இல்லை. வண்டியை வழியில் மறித்த மக்களுக்கு ஓட்டுநர் நான்கைக் கொடுத்துவிட்டார். இரவில் இறக்கியவர்கள் எண்ணாமல் சீட்டில் இருந்த 30ஐ அப்படியே வரவில் எழுதிவிட்டார்கள். 4, 3, 4 கூட்டினால் 11. ஒரு தொகுப்பும் களவு போகவில்லை.

மற்ற முகாம்களில் இருந்தவர்கள் இத்தகைய வேறுபாட்டை எப்படிக் கண்டார்கள், என்ன எழுதினார்கள் என்பதைப் பகிர வேண்டுகிறேன்.

பட்டுக்கோட்டை வணிகர்

நானும் ஓர் அமைப்பின் சார்பில் பொருள் கொண்டுவந்து கொடுத்தவன். இதை இவ்வளவு சிக்கலாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வந்தது எவ்வளவு, எத்தனை குடும்பம் வாங்கியது, கழித்தால் மீதி. ஒரு அட்டைக்கு ஒரு தொகுப்பு என்ற விதியைக் கண்டிப்பாக வைத்தால் கணக்கு தானாகவே நேராகும். நேராகவில்லை என்றால் எங்கோ கை நீண்டிருக்கிறது என்றுதான் பொருள். கடையில் நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம்.

ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர்

வணிகர் ஐயா சொல்வதில் பாதி சரி. வரவிலிருந்து வழங்கியதைக் கழிக்க வேண்டும். குடும்பங்களைக் கழிக்கக் கூடாது. தொகுப்பு ஒரு எண், குடும்பம் வேறொரு எண். தன்னார்வலர் சொன்ன நாளில் பயன்பெற்ற குடும்பங்கள் 214, குடும்பங்களுக்கு வழங்கிய தொகுப்புகள் 218, சமையலுக்குப் பிரித்தவை 3. இவை மூன்றும் மூன்று கட்டங்களில் நிற்க வேண்டும். ஒரே கட்டத்தில் எழுதினால், மேலே படிப்பவருக்கு 214 குடும்பம் என்றும் தெரியாது, 218 தொகுப்பு என்றும் தெரியாது. விதியைக் கண்டிப்பாக வைத்தாலும் நனைந்த மூன்றும் வழியில் போன நான்கும் இருக்கத்தானே செய்யும்?

அதைவிடப் பெரிய குழப்பம் முகாம்களின் கணக்கைத் தாலுகாவில் கூட்டும்போது வருகிறது. இதே எடுத்துக்காட்டை நீட்டிப் பாருங்கள். கிடங்கிலிருந்து மூன்று முகாம்களுக்கு 200, 150, 250 என 600 தொகுப்புகள் புறப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். மூன்று முகாம்களும் எழுதிய வரவைக் கூட்டினால் 630 வருகிறது. கிடங்கு கொடுத்ததை விட முகாம்கள் பெற்றது எப்படி அதிகமாகும்? பக்கத்து முகாம் தன் வரவில் ஒரு முறை எழுதிய அதே 30, இங்கும் வரவாக இரண்டாம் முறை ஏறிவிட்டது. கொடுத்த முகாம் அதை ‘வழங்கியது’ கட்டத்தில் போட்டிருந்தால் இன்னும் மோசம்; 30 குடும்பங்கள் பயன்பெற்றதாகவே மேலே போய்விடும். கிடங்கிலிருந்து வந்தது, பிற முகாமிலிருந்து வந்தது, பிற முகாமுக்கு அனுப்பியது என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால், தாலுகாவில் கடைசி இரண்டையும் கூட்டிப் பார்க்கலாம். இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் ஒரு வண்டி இருக்கிறது, அல்லது இறக்கும்போது யாரோ எண்ணவில்லை.

இறக்கும் இடத்தில் எண்ணியதைத்தான் வரவாக எழுத வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சீட்டில் 30, எண்ணியது 26 என்றால் வரவு 26. சீட்டின் பின்புறம் ‘நான்கு குறைவு, வழியில் வழங்கப்பட்டதாக ஓட்டுநர் கூறினார்’ என்று எழுதி, ஓட்டுநரிடம் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை அனுப்பிய முகாமுக்குத் திருப்ப வேண்டும். மழை, இருட்டு, காத்திருக்கும் மக்கள் எல்லாம் உண்மைதான். ஆனாலும் 30 பைகளை எண்ண ஐந்து நிமிடம்கூட ஆகாது. மறுநாள் அந்த நான்கைத் தேட ஒரு பகல் முழுவதும் போகும்.

கோடியக்கரை அருகிலிருந்து ஓர் இல்லத்தரசி

இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை. எங்கள் ஓட்டு வீட்டின் மேல் மரம் விழுந்தது. மாடுகளை விட்டுவிட்டு வர முடியாததால் நாங்கள் முகாமுக்குச் செல்லவில்லை. தொகுப்பு வாங்கப் போனபோது, முகாமில் தங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து வேறொரு முகாமில் கொடுத்தார்கள். நாங்கள் எந்தக் கணக்கில் வந்தோம்? இழப்பீட்டுப் பட்டியலில் சேர அது உதவுமா?

வேதாரண்யம் தன்னார்வலர்

அம்மா, இழப்பீட்டுப் பட்டியல் வேறு. அதற்கு வீடு, மரம், கால்நடை இவற்றின் சேதக் கணக்கெடுப்பே அடிப்படை. எங்கள் ஏட்டில் பெயர் இருப்பதோ இல்லாததோ அதைத் தீர்மானிக்காது. ஆனால் நீங்கள் கேட்ட முதல் கேள்வி இந்தப் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. எங்கள் முகாமில் இரவு தங்கியோர் பதிவேடு ஒன்று, தொகுப்பு பெற்றோர் பதிவேடு ஒன்று என இரண்டு இருந்தன. பெற்றோர் பதிவேட்டில் குடும்பங்கள் எப்போதும் கூடுதலாக இருக்கும், ஏனெனில் உங்களைப் போல் வீட்டிலேயே இருந்தவர்களும் வந்து பெற்றார்கள். மேலே இருந்தவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, ‘தங்கியவர்களை விட வாங்கியவர்கள் எப்படி அதிகம்’ என்று எங்களிடம் கேட்டதுண்டு. அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ‘மு’ அல்லது ‘வெ’ என்று ஓர் எழுத்து போடத் தொடங்கினோம். முகாமில் தங்கியவர், வெளியிலிருந்து வந்தவர். அந்தக் கேள்வி பிறகு எழவில்லை. உங்களைத் திருப்பி அனுப்பிய முகாமில் அந்த வேறுபாட்டைக் குறிக்கும் வழி இல்லாததால்தான் மறுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அது நியாயமன்று.

நியாயவிலைக் கடை விற்பனையாளர்

நான் அந்த நாட்களில் ஒரு முகாமில் அட்டை எண் சரிபார்க்கும் வேலையைச் செய்தேன். ஒரே குடும்பம் இரண்டு முகாம்களில் பெறுவதைத் தடுக்க அட்டை எண்ணை எழுதினால் போதும் என்று சொல்லித்தான் எங்களை உட்கார வைத்தார்கள். கடையில் விற்பனை முனையக் கருவி இருந்தால் அட்டையைக் காட்டியவுடன் தெரிந்துவிடும். மின்சாரமும் தொடர்பும் இல்லாத இடத்தில் எண் என்பது வெறும் எழுத்துதான். பக்கத்து முகாமின் நோட்டு என்னிடம் இல்லையே. பலருக்குக் கூரையோடு அட்டையும் போய்விட்டது. அவர்களை எண் இல்லாதவர்கள் என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. குடும்பத் தலைவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தெரு ஆகிய மூன்றையும் எழுதி, அதே தெருவைச் சேர்ந்த ஒருவரைச் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்தோம். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்த இடத்தில் அதுவும் குழம்பியது. இரட்டைப் பெறுதலை நாங்கள் முழுவதும் தடுத்தோம் என்று சொல்ல மாட்டேன்.

வணிகர் அண்ணன் சொன்ன ‘ஒரு அட்டைக்கு ஒன்று’ குறித்து ஒரு வார்த்தை. ஓர் அட்டையில் ஒன்பது பேர், இன்னோர் அட்டையில் ஒரு மூதாட்டி மட்டும். இருவருக்கும் அதே ஐந்து கிலோ அரிசி என்றால், மூன்றாம் நாளே ஒன்பது பேர் வீட்டார் மீண்டும் வரிசையில் நிற்பார்கள்.

பட்டுக்கோட்டை வணிகர்

குடும்பமும் தொகுப்பும் வேறு கட்டங்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் அமைப்பு நன்கொடையாளர்களுக்கு அனுப்பிய அறிக்கையிலும் இரண்டையும் ஒன்றாகவே எழுதியிருந்தோம். ஆனால் அடுப்பைப் பார்த்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தனி அடுப்பா, கூட்டு அடுப்பா என்பதை முகாம் வாசலில் யார் தீர்மானிப்பது? வாசலில் அதிகாரம் கொடுத்தால் வேண்டியவர்களுக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒன்று என்று ஆகும்.

ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர்

இந்த அச்சம் நியாயமானது, ஐயா. இரண்டு விதமாகவும் முகாம்கள் நடந்தன. எதைப் பின்பற்றினாலும், முடிவை வாசலில் எடுக்காமல் காலையிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும் என்பது வரை நான் போவேன். அதற்கு மேல் ஒரே விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறுபாடு வந்த ஏட்டைக் கண்டு நான் கவலைப்பட்டதில்லை. ஒரு முகாமில் பத்து நாளும் ஏட்டு இருப்பும் நேர் இருப்பும் ஒன்றாகவே இருந்தன. ஒரு பை கிழியவில்லை, ஒரு பை குறையவில்லை. பெற்றோர் பதிவேட்டைப் புரட்டியபோது, ஒவ்வொரு நாளின் கடைசி ஏழெட்டுக் கைநாட்டுகளும் ஒரே அளவில், ஒரே சாய்வில், மை ஒரே அடர்த்தியில் இருந்தன. மாலையில் குறைந்த தொகுப்புகளுக்கு ஈடாகப் பெயர்களை எழுதிக் கணக்கை நேராக்கியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்புகள் சமையலுக்குப் போயிருக்கலாம், இரண்டாம் அடுப்புக்குப் போயிருக்கலாம். ஆனால் பெறாத குடும்பங்கள் பெற்றதாக ஏட்டில் ஏறிவிட்டன. அவர்கள் உண்மையிலேயே வந்து கேட்டபோது, ‘ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்’ என்று பதில் வந்தது.

ஆகவே 62க்கு 51 என்றால், 62ஐ அடிக்கக் கூடாது. அதற்குக் கீழே ‘நேர் இருப்பு 51, வேறுபாடு 11’ என்று எழுதி, காரணங்களை மூன்று வரிகளில் எழுதி, எண்ணிய இருவரும் கையொப்பமிட வேண்டும். மறுநாள் முன்னிருப்பு 51.

நியாயவிலைக் கடை விற்பனையாளர்

ஐயா, பிரித்த தொகுப்பில் பாதிப் பொருள் மிச்சம் இருந்தால் அதை மீதியில் காட்டுவீர்களா? அரிசியை எடுத்துக்கொண்ட பிறகு போர்வையும் வாளியும் எங்களிடம் இருந்தன. முழுத் தொகுப்பாகவும் எழுத முடியவில்லை, இல்லையென்றும் எழுத முடியவில்லை.

ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர்

பிரித்தவுடன் தொகுப்புக் கணக்கிலிருந்து நீக்கி, உதிரிப் பொருள் என்று தனிப் பக்கத்தில் போர்வை இத்தனை, வாளி இத்தனை என எழுதச் சொன்னேன். சிறிய முகாம்களில் அதற்கு ஆள் இல்லை என்று என்னுடன் பணியாற்றியவர்களே மறுத்தார்கள். ஒரு பெட்டியில் போட்டு மூடி, முகாம் முடியும் நாளில் ஒரே முறை எண்ணியவர்களும் உண்டு. அவர்களுடைய எண்ணிக்கையை நம்பியே நான் கையொப்பமிட்டிருக்கிறேன். வேறு நல்ல வழியைக் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.