கலைச்சொல் விவாதம்: 'ஷாடோயிங்' – நிழற்பேச்சா, ஒட்டிச்சொல்லலா?

நல்லூரிலிருந்து, கையேட்டுத் தொகுப்பாளர்:

அன்புள்ள நண்பர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறவர்களுக்காகக் கேட்டற் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தொகுத்து வருகிறோம். வேகமாகப் பேசுகிறவர்களையும் பழக்கமில்லாத உச்சரிப்பையும் பிடிக்கச் செவியைப் பழக்கும் அத்தியாயம் இப்போது கையில் இருக்கிறது. அதில் இரண்டு பயிற்சிகள் வருகின்றன. டிக்டேஷனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே 'சொல்வதெழுதல்' இருக்கிறது. ஷாடோயிங்குக்குத்தான் சொல் இல்லை. ஒலிப்பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டு, காதில் விழுவதை விழ விழ வாயால் சொல்லிக்கொண்டே போவது அந்தப் பயிற்சி. வரைவில் 'நிழற்பேச்சு' என்று இட்டிருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வட்டுக்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 'நிழற்பேச்சு' என்று படித்தால் மறைவாகப் பேசும் பேச்சு என்றுதான் எனக்குப் படுகிறது. நிழல் அமைச்சரவை என்று பத்திரிகைகள் எழுதுவதும் நினைவுக்கு வருகிறது. இந்தப் பயிற்சி எங்களுக்குப் புதியதும் அல்ல. நாட்டுக்கூத்தில் அண்ணாவியார் ஓர் அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதையே திரும்பப் பாடுவார்கள். தேவாரம் பழக்கும்போதும் குரு சொல்ல மாணவர் சொல்வார். ஆகவே 'பிற்சொல்லல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகவும் இருக்கிறது.

கோண்டாவிலிலிருந்து, ஆங்கில ஆசிரியை:

ஐயாவின் ஒப்புமை அழகானது, ஆனால் முக்கியமான இடத்தில் விலகுகிறது. பிற்பாட்டில் அண்ணாவியார் அடியை முடித்துவிடுகிறார். அதன்பிறகே மற்றவர்கள் தொடங்குகிறார்கள். அந்த இடைவெளியில் மாணவர் கேட்டதை மனதில் நிறுத்தித் தன் சொந்த உச்சரிப்பில் மறுபடி கட்டிக்கொள்கிறார். 'வாட்டர்' என்று நினைத்துக் கேட்டவர் 'வாட்டர்' என்றே சொல்வார். ஒலிப்பதிவில் இருந்தது வேறாக இருந்தாலும் அது அவருக்குத் தெரியவராது.

ஷாடோயிங்கில் இடைவெளி கிடையாது. பேசுகிறவர் அடுத்த சொல்லில் இருக்கும்போது நாம் முந்தைய சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1953இல் கொலின் செரி இரண்டு காதுகளுக்கும் வெவ்வேறு பேச்சைக் கொடுத்து, ஒன்றை மட்டும் அப்படியே சொல்லிக்கொண்டு வரச் சொன்ன ஆய்வில் இந்த முறை இருக்கிறது. 1973இல் மார்ஸ்லன்-வில்சன் தமது தாய்மொழியைக் கேட்டுச் சொன்னவர்களை அளந்தபோது, சிலர் கால் வினாடி பின்தங்கலிலேயே சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் மாணவர்கள் அந்த அளவுக்கு நெருங்க மாட்டார்கள். ஒரு வினாடிக்குள் நின்றால் போதும். அதற்கு மேல் போனால் பின்னே வரும் ஒலியை நினைவு மூடிவிடுகிறது.

எனவே 'பின்' என்பதும் 'உடன்' என்பதும் பொருந்தா. முதலாவது முடிந்தபின் என்கிறது, இரண்டாவது ஒரே கணத்தில் என்கிறது. ஒட்டிக்கொண்டு பின்னால் வருவதுதான் செய்தி. என் முன்மொழிவு 'ஒட்டிச்சொல்லல்'.

மானிப்பாயிலிருந்து, தாதிய உத்தியோகத்தர்:

ரீச்சர், இந்தப் பயிற்சியை எந்த வேகத்தில் வைத்துச் செய்வது நல்லது என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நான் கனடா வேலைக்கான தொலைபேசி நேர்காணலுக்கு ஆயத்தம் செய்கிறேன். 0.75 வேகத்தில் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, சொல்லவும் முடிகிறது. 1.0க்கு வைத்ததும் மறுபடி குழப்பம். நேற்று ரொறன்ரோவில் பேசிய ஒருவரின் ஒலிப்பதிவில் 'ஐ கேன்' என்று கேட்டு, அவர் நான்கு மணிவரை வேலை செய்ய முடியும் என்கிறார் என எழுதினேன். எழுத்துப்படியைப் பார்த்தால் நேர்மாறாக இருந்தது. தெரியாத சொல் ஒன்றுமே இல்லை. எனக்குக் காதில் குறையா?

கோண்டாவிலிலிருந்து, ஆங்கில ஆசிரியை:

தம்பி, இங்கே சொல் ஒன்றுக்குத்தான் விவாதம், ஆனாலும் உங்கள் வாக்கியம் அதற்கே உதவும். தனிமடலில் அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். உங்கள் செவியில் குறையில்லை.

எழுத்துப்படியில் இருப்பது: 'ஐ கேன்ற் கெற் அவுற் ஒஃப் வேர்க் அன்ரில் ஃபோர்'. நான்கு மணிவரை வேலையிலிருந்து வெளியே வர முடியாது என்பது பொருள். அவர் வாயிலிருந்து வந்தது ஏறக்குறைய 'ஐ கேன் கெரவ்ரவ் வேர்க் அன்ரில் ஃபோர்'. நீங்கள் எழுதியது: 'ஐ கேன்', பிறகு ஒரு வெற்றிடம், பிறகு 'வேர்க் அன்ரில் ஃபோர்'.

இதில் இரண்டு விடயங்கள் நடந்திருக்கின்றன. 'கேன்ற்' சொல்லின் கடைசி ஒலி, அடுத்து 'க' வருவதால் தொண்டையிலேயே அடைபட்டுவிட்டது. அது வெளிவராத ஒலி. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் வராது. வட அமெரிக்கர் முடியும், முடியாது என்பதைப் பெரும்பாலும் உயிரொலியால்தான் வேறுபடுத்துகிறார்கள். முடியும் என்றால் வேகப் பேச்சில் 'கன்' என்று தேய்ந்துபோகும், முடியாது என்றால் 'கேன்' என்று முழுதாக ஒலிக்கும். தமிழில் நாங்கள் குறிலையும் நெடிலையும் அளவாகவே சொல்லிப் பழகியதால், முழுதாக ஒலித்ததைக் கேட்டதும் அகராதி உச்சரிப்பான 'கேன்' என்று எடுத்துக்கொள்கிறோம். பொருள் தலைகீழாகிறது. வெற்றிடம் விட்ட இடத்தில், இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிய 'ற்' நாக்கை ஒரு தட்டுத் தட்டி 'ர' போல ஆகிவிட்டது. மூன்று சொற்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

எழுதும் பயிற்சி பிழை எங்கே என்று காட்டுகிறது, சொல்லும் பயிற்சி அதைச் சரிசெய்கிறது. அதனால் வரிசையை மாற்றக்கூடாது. இருபது, முப்பது வினாடித் துண்டு ஒன்றை எடுங்கள். எழுத்துப்படியை மூடிவைத்து, ஐந்தாறு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொன்றையும் மூன்று தடவைக்கு மேல் கேட்காமல் எழுதுங்கள். பிறகு எழுத்துப்படியோடு ஒப்பிட்டு, தெரியாத சொல்லால் வந்த பிழையை ஒரு நிறத்திலும், தெரிந்த சொல்லைக் கேட்டும் பிடிபடாததை வேறு நிறத்திலும் குறியுங்கள். முதல் வகைக்கு இந்தப் பயிற்சி மருந்தல்ல. அது நிறைந்திருந்தால் எளிய துண்டுக்கு மாறுங்கள். உங்களுக்கு இரண்டாவது வகைதான்.

அதன்பின் எழுத்துப்படியைப் பார்த்துக்கொண்டே ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்கலாம். அடுத்து அதை மூடிவிட்டு முணுமுணுப்பாகவும், கடைசியில் குரலெடுத்தும் ஒட்டிச்சொல்லலாம். குரல் பெருத்தால் உங்கள் ஒலியே பதிவை மூடிவிடும், ஆகையால் காதொலிப்பானை ஒரு காதில் மட்டும் போடாமல் இரண்டிலும் போட்டுத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். 0.75 வேகம் எங்கே இடறுகிறது என்று தேட மட்டும். முடிப்பது எப்போதும் 1.0இல்.

இன்னொன்று. அதே துண்டைப் பலமுறை செய்தால் அது மனப்பாடமாகிவிடும். வாய் பதிவை முந்தத் தொடங்கினால் அதுதான் அடையாளம். இன்னொரு தொலைபேசியில் பதிவையும் உங்கள் குரலையும் சேர்த்துப் பதிந்து பாருங்கள். நீங்கள் முன்னால் போகும் இடத்தில் செவி வேலை செய்யவில்லை.

வட்டுக்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'ஒட்டிச்சொல்லல்' நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். ஒன்று மட்டும். 'காற்று', 'பற்று' என்று நாங்கள் சொல்லும் ஒலி ஆங்கிலேயரின் 'ற்' ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால்தான் 'பற்றரி' என்று எழுதுகிறோம். யாழ்ப்பாணத்தாரின் செவிக்கு இந்தப் பயிற்சி அவ்வளவு தேவைப்படாது என்பது என் எண்ணம்.

கோண்டாவிலிலிருந்து, ஆங்கில ஆசிரியை:

ஐயா சொல்வது நிதானமாகப் பேசும் ஆங்கிலத்துக்குச் சரி, எங்களுக்கு அது உண்மையில் வசதிதான். ஆனால் தம்பியின் வாக்கியத்தில் ஒரு 'ற்' மறைந்தே போய்விட்டது, இன்னும் இரண்டு 'ர' ஆகிவிட்டன. ஒலி எங்களிடம் இருந்தும், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதபோது செவி ஏமாறுகிறது.

இந்த இடத்தில் 'சொல்வதெழுதல்' பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆசிரியர் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வார், எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறையும். இங்கே ஒலிப்பதிவு யாருக்காகவும் நிதானிப்பதில்லை, எழுத்துப் பிழையை நாங்கள் பார்ப்பதும் இல்லை. பழைய பெயரைச் சொன்னால் மாணவர் எழுத்துக்கூட்டலிலேயே கவனமாக இருந்துவிடுகிறார்கள். 'கேட்டெழுதல்' என்று பிரித்துச் சொன்னால் நல்லது.

வட்டுக்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அதற்கு நான் உடன்படவில்லை. ஊரெல்லாம் விளங்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் புதியதைத் தேட வேண்டும்?

சுன்னாகத்திலிருந்து, உரைபெயர்ப்பாளர்:

நானும் இதைப் பயின்றவன் என்பதால் ஓர் ஐயம். ஒட்டிச்சொல்லும்போது பலர் பொருள் விளங்காமலே சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் என்ன கேட்டாய் என்று கேட்டால் பதில் வராது. உரைபெயர்ப்புக்கு அது பயன்படாது, அங்கே வேண்டுமென்றே இன்னும் பின்தங்கிப் பொருளைத் திரட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லா? மேலும், ஒரு ரொறன்ரோக்காரரைப் பழகினால் கிளாஸ்கோக்காரர் விளங்குவாரா?

கோண்டாவிலிலிருந்து, ஆங்கில ஆசிரியை:

இரண்டாவது கேள்விக்கு: கிளாஸ்கோவுக்குத் தனியாகத்தான் பழக வேண்டும். ஒரே உச்சரிப்புக்குள் பழகியது மற்றவர்களின் பேச்சுக்கும் பரவ வேண்டும் என்றால் பலருடைய குரல் தேவை. 2008இல் பிராட்லோவும் பென்ற்றும் சீன உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் பலரைக் கேட்கவைத்தபோது, முன்பு கேட்டிராத இன்னொரு சீனரின் பேச்சும் கேட்டவர்களுக்கு எளிதாகியது. தம்பி ஒரே குரலில் ஐந்து துண்டு எடுப்பதைவிட ஐந்து பேரில் ஒவ்வொரு துண்டு எடுப்பது நல்லது. பயன் கிடைத்ததா என்பதையும் பழகிய துண்டில் பார்க்க வேண்டாம். அதே ஊர்க்காரர் ஒருவரின் புதிய பேச்சைக் கேட்டு எழுதிப் பாருங்கள், இரண்டாவது நிறம் குறைந்திருக்க வேண்டும்.

முதலாவது கேள்வி நியாயமானது. தொடக்கத்தில் ஒலியை மட்டும் பிடிப்பதைத் தவறென்று நான் நினைக்கவில்லை, ஏனெனில் தம்பி இடறியது ஒலியில்தான். பொருளைத் திரட்டிப் பின்தங்கிச் சொல்வதற்கு வேறு பெயர் வைக்கலாம் என்பதை ஏற்கிறேன். என்ன பெயர் என்று எனக்குத் தோன்றவில்லை.

மானிப்பாயிலிருந்து, தாதிய உத்தியோகத்தர்:

ரீச்சர், அந்த வாக்கியத்தை 1.0இல் ஒட்டிச்சொன்னேன். 'கெரவ்ரவ்' வாயில் வந்ததும் மறுபடி கேட்டபோது மூன்று சொற்களும் தனித்தனியாகவே தெரிந்தன. ஆனால் வேறொரு கனடாக்காரரின் பேச்சில் 'கன்', 'கேன்' இன்னும் பிடிபடவில்லை. ஐந்து குரல் தேடப் போகிறேன்.

நல்லூரிலிருந்து, கையேட்டுத் தொகுப்பாளர்:

'ஒட்டிச்சொல்லல்' வரைவில் ஏறிவிட்டது, நிழற்பேச்சை எடுத்துவிட்டேன். 'சொல்வதெழுதல்', 'கேட்டெழுதல்' இரண்டும் அருகருகே இருக்கின்றன, ஐயாவும் ஆசிரியையும் இணங்கும்வரை அப்படியே விடுகிறேன். உரைபெயர்ப்பாளர் கேட்ட, பொருள் திரட்டிப் பின்தங்கிச் சொல்வதற்கும், எழுத்துப்படியைப் பார்த்துக்கொண்டே ஒலிப்பதிவோடு வாசிப்பதற்கும் இன்னும் சொல் இல்லை. இரண்டாவதற்கு 'ஒத்துவாசிப்பு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். ஒத்து என்றதும் நாதஸ்வரத்தோடு வாசிக்கும் ஒத்துக் குழல் நினைவுக்கு வருமா, அது குழப்புமா என்று ஐயா சொன்னால் நல்லது.